துண்டு போட்டிருக்கிறதா, பணமே போய்விட்டதா?

“அக்கா, ஒரு தடவைதான் கட்டினேன். ரெண்டு தடவை எடுத்துட்டாங்க.”

அலுவலகத்தில் கம்பெனி கார்டுக்குப் பொறுப்பாக இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் புகார் இது. போன முறை அதைச் சொன்னவர் விற்பனைப் பிரிவுத் தம்பி. ஒரு பயிற்சி வகுப்புக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டியோடு 23,600. கம்பெனி கிரெடிட் கார்டில் கட்டியிருக்கிறார். ஓடிபி போட்டதும் பக்கம் சுற்றிக்கொண்டே நின்றது, பிறகு ‘பணம் செலுத்த முடியவில்லை’ என்றது. மறுபடி முயன்றார், பதிவாகிவிட்டது. ஆனால் கைபேசியில் 3:42க்கு ஒரு குறுஞ்செய்தி, 3:47க்கு இன்னொன்று. இரண்டிலும் 23,600.

என்னிடம் வருவதற்குள் அவர் பயிற்சி நிறுவனத்துக்குக் காரசாரமாக ஒரு மின்னஞ்சல் தட்டச்சு செய்துவிட்டார். கார்டை முடக்கிவிடலாமா என்றும் கேட்டார். இரண்டும் வேண்டாம் என்று உட்காரவைத்தேன். நாங்கள் பார்த்தவற்றை ஒவ்வொன்றாகத் தருகிறேன். உங்கள் சொந்தக் கார்டுக்கும் இது பொருந்தும்.

குறுஞ்செய்தி எதைச் சொல்கிறது

பேருந்து நின்றதும் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறோம். துண்டு கிடக்கும்வரை அந்த இருக்கை வேறு யாருக்கும் இல்லை. ஆனால் யாரும் இன்னும் உட்காரவில்லை. கிரெடிட் கார்டில் முதலில் நடப்பது இதுதான். கடைக்காரரின் பேமென்ட் கேட்வே, “இந்தக் கார்டில் 23,600 இருக்கிறதா?” என்று வங்கியைக் கேட்கிறது. “இருக்கிறது, ஒதுக்கிவைத்துவிட்டேன்” என்று வங்கி பதில் சொல்கிறது. அந்த நொடியில் உங்கள் லிமிட்டில் 23,600 குறைகிறது, குறுஞ்செய்தியும் கிளம்புகிறது. இந்த ஒதுக்கீட்டைத்தான் ஹோல்டு என்கிறார்கள்.

பணம் உண்மையில் போவது அடுத்த கட்டத்தில். “ஒதுக்கிவைத்ததைக் கொடு” என்று கடைக்காரர் தன் வங்கி மூலம் கேட்க வேண்டும். வழக்கமாக அன்றிரவோ ஓரிரு நாளிலோ கேட்டுவிடுவார். கேட்டபிறகே அது உங்கள் ஸ்டேட்மென்டில் பற்றாக ஏறும். கேட்காவிட்டால் துண்டு சில நாள் கிடந்துவிட்டுத் தானாக எடுபட்டுவிடும்.

தம்பியின் முதல் முயற்சியில், வங்கி ‘சரி’ என்று சொன்ன பதில் கடைக்காரரின் தளத்துக்குப் போய்ச் சேரவில்லை. அதனால் தளம் ‘முடியவில்லை’ என்றது. வங்கியைப் பொறுத்தவரை துண்டு போட்டாகிவிட்டது. இரண்டாவது முயற்சியில் இன்னொரு துண்டு. ஆக, எத்தனை முறை ஒதுக்கினார்கள் என்பதைக் குறுஞ்செய்தி சொல்லும். எத்தனை முறை எடுத்தார்கள் என்பது அதில் இருக்காது.

இதன் மறுபக்கமும் உண்டு. கடைக்காரர் ஒரே ஒதுக்கீட்டை வைத்துத் தவறுதலாக இரண்டு முறை பணம் கேட்டுவிடலாம். அப்போது வந்த குறுஞ்செய்தி ஒன்றாகவே இருக்கும், ஸ்டேட்மென்டில் பற்று இரண்டாக இருக்கும். குறுஞ்செய்தியை எண்ணித் தீர்ப்புச் சொன்னால் இரண்டு பக்கமும் தவறலாம்.

இரண்டு செய்தியையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்

தீர்ப்புக்குப் போதாது என்றாலும், முதல் தடயம் குறுஞ்செய்தியில்தான் இருக்கிறது. பல வங்கிகளின் கிரெடிட் கார்டு செய்தியில், கடைசியில் `Avl Lmt` என்று மீதி லிமிட் வரும். பெரும்பாலோர் அதைப் படிப்பதே இல்லை. தம்பியின் முதல் செய்தியில் அது 95,000. இரண்டாவதில் 71,400. சரியாக 23,600 குறைந்திருக்கிறது. எனவே வங்கி இரண்டு முறை ஒதுக்கியது உண்மை. இரண்டு செய்தியிலும் 95,000 என்றே இருந்திருந்தால், ஒரே செய்தி இரண்டு முறை வந்திருக்கிறது என்று அங்கேயே கதையை முடித்திருக்கலாம்.

அடுத்து ஓடிபி செய்திகளை எண்ணினோம். 3:41க்கு ஒன்று, 3:46க்கு ஒன்று. அவர் நினைவில் ஒரே தடவை கட்டியதாகத்தான் இருந்தது, ஏனென்றால் முதல் முயற்சியைத் தளமே தோல்வி என்று சொல்லிவிட்டது. இரண்டு ஓடிபி போட்டிருந்தால், இரண்டு தனி முயற்சிகள். ஒரே ஓடிபிக்கு இரண்டு ஒதுக்கீடு என்றால், கேட்வே பதில் வராமல் தானே மறுபடி கேட்டிருக்கலாம். அதைக் கடைக்காரரிடம் சொல்லும்போது இந்த விவரம் உதவும்.

ஒரு கழித்தல் கணக்கு

இனி வங்கியின் ஆப். பெரும்பாலான ஆப்களில் இன்னும் கணக்கில் ஏறாதவை `Pending` அல்லது `Authorised` என்ற குறிப்போடு தனியாகவோ மங்கலாகவோ தெரியும். ஏறியவை தேதியோடு கீழே வரிசையாக வரும். ஒரு எச்சரிக்கை: `Unbilled` என்பதைப் பலர் ‘இன்னும் எடுக்கவில்லை’ என்று புரிந்துகொள்கிறார்கள். இந்த மாத பில் இன்னும் போடவில்லை என்பதே அதன் பொருள். கணக்கில் ஏறிய பற்றும் பில் போடும்வரை அந்தப் பட்டியலில்தான் இருக்கும்.

சில ஆப்கள் இரண்டையும் கலந்து காட்டும். அப்போது எழுத்தை நம்பாமல் எண்ணைக் கழித்துப் பாருங்கள். மொத்த லிமிட்டிலிருந்து, கணக்கில் ஏறிய மொத்த நிலுவையைக் கழியுங்கள். வருவதிலிருந்து, ஆப் காட்டும் மீதி லிமிட்டைக் கழியுங்கள். எஞ்சுவதுதான் ஹோல்டில் கிடக்கும் தொகை.

எங்கள் கார்டின் லிமிட் 1,50,000. பணம் கட்டிய செவ்வாய்க்கிழமை காலை நிலுவை 31,400. வெள்ளிக்கிழமை திறந்து பார்த்தபோது நிலுவை 55,000 ஆகியிருந்தது. அதாவது ஒரு 23,600 கணக்கில் ஏறிவிட்டது. லிமிட்டில் நிலுவையைக் கழித்தால் 95,000 இருக்க வேண்டும். ஆப் காட்டியதோ 71,400. இடைவெளி 23,600. ஒரு கட்டணம் எடுக்கப்பட்டுவிட்டது, இன்னொன்று துண்டாகவே கிடக்கிறது.

இரண்டுமே எடுக்கப்பட்டிருந்தால் என்ன தெரிந்திருக்கும்? நிலுவை 78,600 ஆகியிருக்கும். மீதி லிமிட் அதே 71,400. இரண்டையும் கூட்டினால் 1,50,000, இடைவெளி சுழி. மீதி லிமிட் இரண்டு நிலையிலும் ஒன்றேதான் என்பதைக் கவனியுங்கள். லிமிட்டை மட்டும் பார்த்துவிட்டு “பணம் போயிடுச்சு” என்று பதறுவது இதனால்தான். ஆளை அடையாளம் காட்டுவது நிலுவைத் தொகை.

இந்தக் கணக்கு இரண்டு இடங்களில் ஏமாற்றும். கார்டில் இஎம்ஐ ஓடிக்கொண்டிருந்தால், கட்டாத அசலுக்கும் லிமிட் பிடித்துவைக்கப்படும். அந்தத் தொகையையும் கழித்துக்கொள்ளுங்கள். இன்னும் ஏறாத ஹோல்டையும் சேர்த்தே நிலுவை காட்டும் ஆப்களும் உண்டு. அங்கே இரண்டு நாள் பொறுத்து, ஏறிய தேதி எந்த வரியில் விழுந்திருக்கிறது என்று பார்ப்பதே வழி.

கடைக்காரரிடம் கேட்கவேண்டிய கேள்வி

“இரண்டு முறை எடுத்துவிட்டீர்கள், ஒன்றைத் திருப்பிக் கொடுங்கள்” என்று எழுதினால், எதிர்முனையில் இருப்பவர் தன் கணக்கைப் பார்ப்பார். ஒரு தொகைதான் வந்திருக்கும். “எங்களுக்கு ஒன்றுதான் வந்தது” என்பார். அவர் சொல்வதும் உண்மை, உங்கள் குறுஞ்செய்தியும் உண்மை. சண்டை மட்டும் மிஞ்சும்.

தம்பியின் மின்னஞ்சலை அழித்துவிட்டு இப்படி எழுதவைத்தேன்:

“பதிவு எண் இது, தொகை ரூ. 23,600. இன்று பிற்பகல் 3:42க்கும் 3:47க்கும் எங்கள் கார்டில் இரண்டு ஒதுக்கீடுகள் விழுந்துள்ளன. உங்கள் பேமென்ட் கேட்வேயில் இந்தப் பதிவின் பேரில் எத்தனை பேமென்ட் ஐடி உள்ளன, ஒவ்வொன்றின் நிலை என்ன என்று தெரிவிக்கவும். நீங்கள் எடுக்கப்போகாத ஒதுக்கீடு இருந்தால் அதை ரத்து செய்து உறுதிப்படுத்தவும்.”

இதற்குக் கணக்குப் பிரிவு பதில் சொல்ல வேண்டியதில்லை. கேட்வே திரையைத் திறந்தால் தெரிந்துவிடும். பெரும்பாலான கேட்வேக்களில் ஒவ்வொரு முயற்சிக்கும் எதிரே ஒரு சொல் இருக்கும். `authorized` என்றால் துண்டு கிடக்கிறது. `captured` என்றால் எடுத்தாகிவிட்டது. `failed` என்றால் அவர்கள் பக்கம் அது செத்த முயற்சி. மறுநாள் பதில் வந்தது: 3:47 `captured`, 3:42 `failed`. எங்கள் வங்கியோ 3:42ஐ ஒதுக்கிவைத்திருக்கிறது. இந்த முரண்தான் அனாதை ஹோல்டின் அடையாளம். கேட்க ஆளில்லாமல் கிடக்கும் துண்டு அது.

3:42க்கு எதிரே `authorized` என்று வந்திருந்தால் இன்னும் கவனமாக இருந்திருப்பேன். தாமதமாக வந்த ஒப்புதலைச் சில தளங்கள் தானாகவே எடுத்துக்கொள்ளும்படி அமைத்திருப்பார்கள். செவ்வாய்க்கிழமை ஹோல்டாக இருப்பது வியாழக்கிழமை உண்மைப் பற்றாக மாறுவது அப்படித்தான். எனவே அந்தச் சொல்லைப் பார்த்தால், ரத்து செய்யச் சொல்லி அன்றே எழுதுங்கள்.

எத்தனை நாள் பொறுப்பது

கடைக்காரர் ரத்து செய்தால் ஹோல்டு ஓரிரு நாளில் விலகும். யாரும் ஒன்றும் செய்யாவிட்டால், சாதாரணக் கொள்முதலுக்குப் பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள். தங்கும் விடுதி, வாடகைக் கார் போன்றவற்றில் முன்கூட்டியே போடும் ஹோல்டு 30 நாள்வரைகூடக் கிடக்கலாம். விடுதி ஹோல்டுக்கு இன்னொரு குணமும் உண்டு: தொகை அறை வாடகையோடு பொருந்தாது. கடைசியில் அவர்கள் எடுக்கும் தொகை வேறாக இருப்பதால், ஏறிய பற்றோடு பழைய ஹோல்டை வங்கியால் சேர்த்துப் பார்க்க முடியாமல் இரண்டும் சில நாள் ஒன்றாகத் தெரியும். தொகை பைசாவரை ஒன்றாக இல்லை என்றால், முதலில் இந்தச் சந்தேகத்தை வையுங்கள்.

ஹோல்டு விலகும்போது சத்தமே இருக்காது. ‘பணம் திரும்ப வந்தது’ என்ற வரி எதுவும் ஸ்டேட்மென்டில் வராது. எடுக்காத பணத்துக்கு வரவு எப்படி வரும்? ஆப்பில் அந்த வரி மறைந்துவிடும், லிமிட் கூடிவிடும், அவ்வளவுதான். எங்கள் துண்டு ஏழாம் நாள் எடுபட்டது. தம்பி அதன் பிறகும் இரண்டு நாள் ‘ரீஃபண்ட்’ வரவில்லையே என்று தேடிக்கொண்டிருந்தார். மறையக்கூடிய வரி என்பதால், அது கிடக்கும்போதே தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

இதற்கு மாறாக, எடுத்துவிட்ட பணம் திரும்பினால் தனி வரியாக, `Cr` குறியோடு வரும். ஆக மாத முடிவில் ஸ்டேட்மென்டைப் பார்த்தே சொல்லலாம். ஒரே ஒரு பற்று என்றால் மற்றது ஹோல்டாக இருந்து போய்விட்டது. இரண்டு பற்றும் ஒரு வரவும் என்றால் உண்மையிலேயே இரண்டு முறை எடுத்துத் திருப்பியிருக்கிறார்கள். ஹோல்டு மறைந்தபிறகும் அடுத்த ஸ்டேட்மென்ட் வரும்வரை கோப்பை மூடாதீர்கள். ஒதுக்கீடு காலாவதியான பிறகு தாமதமாகக் கேட்கும் கடைக்காரர்களும் இருக்கிறார்கள்.

யுபிஐ, டெபிட் கார்டு என்றால் கதை வேறு

இதுவரை சொன்னது கிரெடிட் கார்டுக்கு. கடையில் யுபிஐயில் கட்டும்போது துண்டு போடும் கட்டம் கிடையாது. வங்கிக் கணக்கில் குறைந்துவிட்டால் குறைந்ததுதான். அங்கே ‘ஹோல்டா, பற்றா’ என்று கேட்காமல், ‘போன பணம் கடைக்காரரைச் சேர்ந்ததா, நடுவில் நிற்கிறதா’ என்று கேளுங்கள். பாஸ்புக்கில் இரண்டு வரியிலும் உள்ள 12 இலக்க எண்ணைப் பாருங்கள். எண்கள் வேறு என்றால் இரண்டு பரிவர்த்தனை. யுபிஐ ஆப்பில் ‘பெண்டிங்’ என்று காட்டுவது ஹோல்டு என்ற பொருளில் இல்லை. முடிவு இன்னும் தெரியவில்லை என்பதே அதற்கு அர்த்தம். அது தெரியும்முன் மறுபடி கட்டினால், இரட்டைப் பற்றை நாமே வரவழைத்துக்கொள்கிறோம்.

டெபிட் கார்டு இரண்டுக்கும் நடுவில். பல வங்கிகள் ஒப்புதல் கொடுத்த நொடியே கணக்கில் கழித்துவிடும். சில வங்கிகள் ‘லீன்’ என்று தொகையைப் பிடித்துவைக்கும். கணக்கு இருப்பு ஒன்றாகவும், எடுக்கக்கூடிய இருப்பு குறைவாகவும் தெரிந்தால் அது லீன்.

பணம் கழிந்து, கடைக்காரருக்கு உறுதி போகாமல் நின்றுவிட்டால் 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட விதி துணைக்கு வரும். இணையத்தில் கார்டில் கட்டியதானாலும், யுபிஐயில் கடைக்காரருக்குக் கட்டியதானாலும், பரிவர்த்தனை நாளுக்குப் பின் 5 நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. அதை நீங்கள் கேட்காமலே வரவு வைக்க வேண்டும் என்கிறது விதி. நாட்காட்டி நாள்தான் கணக்கு, விடுமுறைக்குத் தள்ளுபடி இல்லை. வெளிநாட்டுத் தளங்களுக்கு இது பொருந்தாது. இரண்டு தொகையும் கடைக்காரரிடம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருந்தாலும் பொருந்தாது, ஏனென்றால் அங்கே எந்தப் பரிவர்த்தனையும் தோல்வியடையவில்லை. அந்தப் பணத்தைக் கடைக்காரர்தான் திருப்ப வேண்டும்.

உண்மையிலேயே இரண்டாவது பற்று என்றால்

இரண்டு வரியும் ஏறிய தேதியோடு நிற்கின்றன, கழித்தல் கணக்கில் இடைவெளி இல்லை. இனி காத்திருக்க வேண்டாம்.

முதலில் இரண்டும் வேறு வேறு செலவோ என்று ஒரு முறை பாருங்கள். ஒரே ஆர்டரை இரண்டு பார்சலாக அனுப்பி இரண்டாகப் பணம் எடுப்பவர்கள் உண்டு. அதே அலுவலகத்தில் இன்னொருவர் அதே கார்டில் அதே வகுப்புக்குக் கட்டியிருக்கலாம். எங்களுக்கு ஒருமுறை அது நடந்து அசடு வழிந்திருக்கிறோம்.

பிறகு வங்கியிடம் இரண்டு பற்றுக்கும் உரிய ஏ.ஆர்.என். எண்ணைக் கேளுங்கள். கடைக்காரர் பணம் கேட்கும் கட்டத்தில் பிறக்கும் 23 இலக்க எண் அது. வெறும் ஹோல்டுக்கு அந்த எண் இருக்காது. எனவே எண் இருக்கிறது என்பதே பணம் கேட்கப்பட்டதற்குச் சான்று. இரண்டு எண்களையும் வைத்து ஸ்டேட்மென்டோடு கடைக்காரருக்கு எழுதுங்கள். “ஒன்றுதான் வந்தது” என்ற பதில் இனி எடுபடாது. ரீஃபண்ட் போட்டுவிட்டேன் என்று அவர் சொன்னால், அதற்குரிய ஏ.ஆர்.என். எண்ணை அவரிடம் வாங்குங்கள். பணம் எங்கே நிற்கிறது என்று உங்கள் வங்கி அதை வைத்துத் தேடும்.

ஒரு வாரத்தில் அசைவு இல்லையென்றால் வங்கியில் டிஸ்ப்யூட் போடுங்கள். காரணம் என்ற இடத்தில் ‘மோசடி’ என்று குறிக்காதீர்கள். நீங்களே ஓடிபி போட்டுக் கட்டியது அது. மோசடி என்றால் கார்டை முடக்குவார்கள், விசாரணை வேறு தடத்தில் போகும், கடைசியில் தள்ளுபடி ஆகும். ‘ஒரே கொள்முதலுக்கு இரண்டு முறை பற்று’ என்பதே சரியான காரணம். கார்டு பில் மீதான புகாருக்கு வங்கி 30 நாளுக்குள் விளக்கம் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஹோல்டாகக் கிடக்கும்போதே டிஸ்ப்யூட் போட முயன்றால் வங்கி எடுத்துக்கொள்ளாது, ஏறாத பற்றில் தகராறு செய்ய ஒன்றுமில்லை.

இரண்டு பிழைகளைத் தவிருங்கள். டிஸ்ப்யூட் நடக்கும்போதே கடைக்காரரும் ரீஃபண்ட் போட்டுவிட்டால், உடனே வங்கிக்குச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் வந்த பணத்தில் ஒன்றைப் பின்னால் திரும்ப எடுப்பார்கள், அது பில்லில் புதுக் குழப்பமாக வரும். அடுத்தது, ‘தகராறில் இருக்கிறதே’ என்று பில்லைக் கட்டாமல் விடுவது. வட்டி ஓடத் தொடங்கிவிடும். வங்கி எழுத்தில் நிறுத்திவைக்காதவரை கெடு தேதிக்குள் கட்டிவிடுங்கள்.

வங்கியின் எண்ணை இணையத்தில் தேடிக் கூப்பிடாமல், கார்டின் பின்பக்கத்தில் அச்சிட்ட எண்ணையே பயன்படுத்துங்கள். பணம் திருப்பித் தருகிறேன் என்று ஓடிபி, பின் கேட்பவர் உங்கள் வங்கி ஆள் இல்லை.

வவுச்சரில் எதை எழுதுவது

சொந்தக் கார்டில் கட்டிவிட்டு அலுவலகத்தில் வாங்கிக்கொள்பவர்கள், குறுஞ்செய்தி ஸ்கிரீன்ஷாட் இரண்டை இணைத்து 47,200 கேட்காதீர்கள். ரசீது ஒன்றுக்கு 23,600தான் கிளெய்ம். ஏறிய பற்று உள்ள ஸ்டேட்மென்ட் பக்கத்தை இணையுங்கள். இரண்டாவது உண்மைப் பற்றாக மாறினாலும் அது அலுவலகச் செலவு ஆகாது, கடைக்காரரிடமிருந்து உங்களுக்கு வரவேண்டிய பணம். கம்பெனி கார்டாக இருந்தால் ‘வரவேண்டியவை’ என்று தனியாக எழுதிவைக்கச் சொல்லுங்கள். செலவில் எழுதிவிட்டால், இரண்டு மாதம் கழித்து வரும் வரவை எதற்கு எதிரே போடுவது என்று யாருக்கும் நினைவிருக்காது.

எங்கள் பேரேட்டில் அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு ஒரே வரிதான் இருக்கிறது. எதிரே பென்சிலில் ‘3:42 ஹோல்டு, 7ஆம் நாள் விலகியது’ என்று எழுதியிருக்கிறேன். போன வாரம் தம்பிக்கு மறுபடி இரண்டு குறுஞ்செய்தி வந்தது. இந்த முறை என்னிடம் வரும்போதே, “அக்கா, நிலுவை ஒரு தடவைதான் ஏறியிருக்கு, லிமிட்டில்தான் இடிக்குது” என்றார்.